வெள்ள நேரத்தில் விற்பனைச் செய்தி: எதை, எங்கே நிறுத்துவது?

2017 ஆகஸ்ட் கடைசி. ஹார்வி புயலால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் விளம்பர மின்னஞ்சல் ஒன்று வாடிக்கையாளர்களுக்குப் போனது. தண்ணீரில் மிதக்கும் வீடுகளில் தங்கி மகிழலாம் என்பது அதன் சாரம். இத்தனைக்கும் அதே நிறுவனம் அப்போது வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு இலவசத் தங்குமிடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. மின்னஞ்சல் போன நேரம் தவறு என்று அது மன்னிப்புக் கேட்டது. ஒரு பிரிவு மீட்புப் பணியில் இருக்கும்போதே இன்னொரு பிரிவின் விளம்பரம் தன்பாட்டில் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து கூடுதல். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விற்பனையும் நடக்கிறது. ‘சலுகை மழை’, ‘தள்ளுபடி வெள்ளம்’ என்று எழுதிய பதிவுகள் வாரக்கணக்கில் முன்பே நேரம் குறிக்கப்பட்டுக் காத்திருக்கும். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீரோடு நிற்பவரின் போனில் அது வந்து விழுந்தால், அந்தக் கடையை அவர் எளிதில் மன்னிக்கமாட்டார்.

“எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம்” என்று கடைக்காரர் சொல்லும்போது, பெரும்பாலும் ஒன்றைத்தான் நிறுத்தியிருப்பார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் காத்திருக்கும் பதிவுகளை மெட்டா பிசினஸ் சூட்டில் நிறுத்தலாம். ஆனால் அதனால் காசு கட்டி ஓடும் விளம்பரங்கள் நிற்காது. அவற்றை ஆட்ஸ் மேனேஜரில் தனியாக அணைக்க வேண்டும். கூகுள் விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், மொத்த எஸ்எம்எஸ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான். காசு வாங்கிக்கொண்டு வீடியோ போடும் இன்ஸ்டாகிராம் பிரபலத்துக்குப் பொத்தானே கிடையாது, போன் போட்டுத்தான் சொல்லவேண்டும்.

இதில் எஸ்எம்எஸ்தான் ஏமாற்றும். மின்சாரம் போய், செல்போன் கோபுரமும் செயலிழந்தால், அனுப்பிய செய்தி உடனே அழிந்துவிடாது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மையத்தில் சேமிக்கப்பட்டுக் குறிப்பிட்ட காலம்வரை மறுபடி மறுபடி அனுப்பப்படும். எனவே மழைக்கு முந்தின மாலை அனுப்பிய தள்ளுபடிச் செய்தி, சிக்னல் திரும்பியதும் முதல் செய்தியாக வந்து நிற்கலாம். புயல் எச்சரிக்கை வந்த உடனே எஸ்எம்எஸ்ஸை முதலில் நிறுத்தச் சொல்வது இதனால்தான். இன்னொரு சிக்கல்: வணிக எஸ்எம்எஸ்ஸின் வாசகம் முன்கூட்டியே டிஎல்டி தளத்தில் பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். “கடை மூடியிருக்கிறது, டெலிவரி தாமதமாகும்” என்று சொல்லக்கூட, வெள்ளம் வந்தபின் வாசகம் எழுதினால் ஒப்புதல் நேரத்துக்குக் கிடைக்காமல் போகலாம்.

எங்கே நிறுத்துவது என்பதும் கேள்வி. 2023 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் திருநெல்வேலியிலும் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொண்டால், டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது சென்னை விளம்பரங்களை நிறுத்த வேண்டும். இரண்டு வாரம் போய் சென்னையில் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தொடங்கும் நேரத்தில், தென்மாவட்டங்களில் பேய்மழை. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிலேயே நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் வைத்திருக்கும் கடைக்கு அன்று வழியில்லை. மாவட்டவாரியாக வாடிக்கையாளர் பட்டியலைப் பிரித்து வைத்திருக்கும் கடையால் நெல்லை, தூத்துக்குடியை மட்டும் உடனே விலக்க முடியும்.

நிறுத்தியபின் மௌனமாகவும் இருக்கக்கூடாது. மக்களுக்கு அப்போது வேண்டியது தகவல்: எந்தக் கிளை திறந்திருக்கிறது, ஆர்டர் செய்த பொருள் எப்போது வரும், தவணை கட்டத் தாமதமானால் அபராதம் உண்டா. இவற்றை இரண்டு மூன்று வரியில், ஆச்சரியக்குறி இல்லாமல், பளபளக்கும் படம் இல்லாமல் சொன்னால் போதும். கடையின் லோகோவைப் பெரிதாகப் போட்டு ‘உங்களோடு நாங்கள்’ என்று எழுதுவது உதவி அல்ல. “வாங்கினால் ஒரு பகுதி நிவாரணத்துக்கு” என்பதும் அந்த வாரத்தில் விற்பனைதான். உயிரிழப்பு நடந்த ஊரில் இரங்கல் செய்திக்குக் கீழே பொருளின் விலை தெரிந்தால் அது அவமதிப்பு.

மறுபடி தொடங்க நாள்கணக்கு உதவாது. அந்தப் பகுதியில் மின்சாரம் வந்ததா, பேருந்து ஓடுகிறதா, பள்ளி திறந்ததா என்று அங்குள்ள கிளை ஊழியரைக் கேட்பதே சரி. அப்போதும் நிறுத்திய பதிவுகளை அப்படியே விடாமல், மழை, வெள்ளம், புயல் என்ற சொற்கள் உள்ளவற்றை நீக்கிவிட்டு மற்றவற்றுக்குப் புதிய தேதி போட வேண்டும்.

கடை நடத்துபவர்கள் இந்தப் பருவமழைக்கு முன்பே மூன்றைச் செய்துவிடுங்கள்: எல்லாப் பொத்தான்களையும் அவற்றின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதையும் ஒரே தாளில் எழுதுங்கள், வெள்ளகால வாசகத்துக்கு இப்போதே ஒப்புதல் வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று பெயர் சொல்லி முடிவுசெய்யுங்கள்.