புழுக்கத்தில் நீண்ட ஓட்டம்: வேகம், நீர், உப்பு

ஓடும்போது உடல் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கால்களை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி முழுவதும் வெப்பமாகிறது. 68 கிலோ எடையுள்ள ஒருவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 வினாடி என்ற கணக்கில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் சுமார் 650 கிலோகலோரி செலவிடுவார். அதில் ஏறக்குறைய 500 வெப்பமாக மாறி, உடலை விட்டு வெளியேற வழி தேடும். பெங்களூரில் ஜனவரி விடியலில் குளிர்ந்த காற்றே அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். சென்னையில் மே மாதத்தில் காற்று தோலின் வெப்பநிலையை நெருங்கிவிடுவதால், வியர்வையைத் தவிர நம்புவதற்கு வேறொன்றும் இல்லை.

வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியானால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே முழுமையாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். அந்தக் கணக்குப்படி மேற்சொன்ன ஓட்டக்காரருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையே தாராளம். ஆனால் புழுக்கத்தில் அவருக்கு ஒன்றரை லிட்டர் வியர்க்கிறது. பனியன் நனைந்து, கால்சட்டை நனைந்து, ஐந்தாவது கிலோமீட்டரில் ஷூவுக்குள்ளும் சதசதவென்று ஆகிவிடுகிறது. ஷூவுக்குள் இறங்கிய வியர்வை உடலைக் குளிர்விக்கவில்லை. உடலிலிருந்த நீரையும் உப்பையும் மட்டும் எடுத்துச் சென்றுவிட்டது. புழுக்கத்தில் ஓடுவதன் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே முதலில் திருத்த வேண்டியது வேகம். நீர் அதற்குப் பிறகு, உப்பு கடைசியில். பெரும்பாலோர் உப்பு மாத்திரையிலிருந்து தொடங்கி, வேகத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு மெதுவாக ஓடுவது என்று தீர்மானிக்க, வானிலைச் செயலி காட்டும் ஈரப்பத சதவீதம் அதிகம் உதவாது. சென்னையில் மே மாத விடியலில் 27 பாகையில் ஈரப்பதம் 88% என்று காட்டும். பிற்பகலில் 38 பாகையில் 45% என்று காட்டும். பிற்பகல் காற்று வறண்டுவிட்டதுபோலத் தோன்றினாலும், இரண்டிலும் உள்ள நீராவி ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நீராவியின் உண்மையான அளவைக் காட்டுவது பனிநிலை, அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. பல செயலிகளில் இது ஒரு மூலையில் இருக்கும். பனிநிலை 14 பாகையாக உள்ள காற்றில் வியர்வை தடையின்றி ஆவியாகும். பனிநிலை 26 ஆகும்போது, தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான நீராவி அழுத்த வேறுபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆவியாதலை நடத்துவது அந்த வேறுபாடுதான்.

ஓட்டப் பயிற்சியாளர்கள் பலர் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வெப்பநிலையையும் பனிநிலையையும் பாரன்ஹீட்டில் எடுத்துக் கூட்ட வேண்டும். (செல்சியஸ் எண்ணை 1.8-ஆல் பெருக்கி 32-ஐச் சேர்த்தால் பாரன்ஹீட்.) கூட்டுத்தொகை 100-க்குள் இருந்தால் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை. 140-ஐத் தொட்டால் 3%, 150-க்கு நாலரை, 160-க்கு 6, 170-க்கு 8, 180-க்கு 10 சதவீதம் என்று மெதுவாக்க வேண்டும். 180-ஐத் தாண்டினால் அன்று கடுமையான ஓட்டம் வேண்டாம். இது ஆய்வகத்தில் அளந்த விதி அல்ல, அனுபவத்தில் உருவான வழிகாட்டி. ஏற்கெனவே வெயிலுக்குப் பழகியவருக்கு இதில் ஒன்றிரண்டு சதவீதம் குறையலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர் மேல் எல்லையைப் பிடிப்பதே நல்லது.

பெங்களூர் ஜனவரி விடியலில் 16 பாகை வெப்பநிலை, 14 பாகை பனிநிலை என்றால் கூட்டுத்தொகை 118. அங்கே வேகத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. சென்னை ஜனவரி விடியலில் 22, 20 என்று வைத்தால் சுமார் 140; அதாவது நகரின் மாரத்தான் நடக்கும் குளிர்காலத்திலேயே 3% மெதுவாக ஓட வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் 28, 26 என்றால் 161. பெங்களூரில் 6:15-இல் ஓடியவர் 8% மெதுவாக்கினால் 6:45. கிலோமீட்டருக்கு முப்பது வினாடி என்பது மனதுக்குக் கசக்கும். ஆனால் உடலில் உண்டாகும் வெப்பமும் அதே விகிதத்தில் குறைகிறது. தண்ணீரோ உப்போ அந்த வேலையைச் செய்யாது.

கணக்கு போட்டுத் தொடங்கிய வேகம் சரிதானா என்பதை இதயத் துடிப்பு சொல்லிவிடும். வெப்பத்தை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையால் ரத்தத்தின் கன அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேகத்துக்குத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். நிதான ஓட்டத்துக்கு 145 துடிப்பு என்று பழகியவர், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் 158-ஐப் பார்த்தால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். அல்லது ஒரு நிமிடம் நடந்து, துடிப்பு இறங்கியபின் தொடர வேண்டும். கடிகாரம் இல்லாதவருக்குப் பேச்சே போதும். முழு வாக்கியமாகப் பேச முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது நிதான ஓட்டம் அல்ல.

அடுத்தது நீர். எவ்வளவு வியர்க்கிறது என்பது ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று மடங்கு மாறும் என்பதால், பொதுவான அளவு எதையும் நம்பாமல் வீட்டுத் தராசில் அளந்துவிடுவதே மேல். ஓடும் முன் உடையின்றி எடை பார்க்க வேண்டும். ஓடி முடித்ததும் உடலைத் துடைத்துவிட்டு மீண்டும் அதே முறையில் பார்க்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். நம் ஓட்டக்காரர் 68 கிலோவில் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் ஓடி, வழியில் 600 மில்லி குடித்து, 66.3 கிலோவில் திரும்பினார் என்று வைப்போம். இழந்த 1.7 லிட்டரோடு குடித்த 0.6-ஐச் சேர்த்தால் 2.3 லிட்டர், மணிக்கு ஒன்றரை லிட்டர். இந்தச் சோதனையை மே மாதத்தில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

மணிக்கு ஒன்றரை லிட்டர் போகிறதென்றால் ஒன்றரை லிட்டர் குடித்துவிடலாம் என்று தோன்றும். ஓடும் வயிறு அதை ஏற்காது. மணிக்கு 600 முதல் 800 மில்லி வரை பலரால் சமாளிக்க முடியும். அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும், குமட்டும். எனவே புழுக்கத்தில் பற்றாக்குறை நிச்சயம். அது உடல் எடையில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிற்கும்படி ஓட்டத்தின் நீளத்தை அமைப்பதுதான் திட்டம். அவர் 6:45-இல் 24 கிலோமீட்டர் ஓடினால் 2 மணி 42 நிமிடம் ஆகும். வியர்வை சுமார் 4 லிட்டர். மணிக்கு 700 மில்லி வீதம் குடித்தாலும் 1.9 லிட்டர்தான் உள்ளே போகும். பற்றாக்குறை எடையில் 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே வேகத்தில் 18 கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம், பற்றாக்குறை 1.6 லிட்டர், அதாவது 2.4%. மே மாதத்தில் இவருக்கு 18-தான் சரி. விடியுமுன் நாலரைக்குத் தொடங்கினால் வெயில் தோலைத் தொட்டுச் சிறிது நேரத்திலேயே முடித்துவிடலாம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு, அது இதைவிடப் பெரியது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்த சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. மூவருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. அதனோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருந்தது ஓட்டத்தின்போது எடை கூடியது, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவரே இதில் மாட்டுகிறார். கை விரல்களில் மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். தாகம் எடுக்கும்போது குடிப்பது, முடிக்கும்போது தொடங்கிய எடையைவிடக் கூடாமல் பார்ப்பது, இரண்டும் போதும்.

வியர்வையில் லிட்டருக்குச் சுமார் 500 முதல் 1,800 மில்லி கிராம் சோடியம் இருக்கும். பலருக்கு 900-ஐ ஒட்டி வரும். காய்ந்த சட்டையில் வெள்ளை வரி படிபவர் மேல்பக்கத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். ரத்த நீரிலோ லிட்டருக்குச் சுமார் 3,200. வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது என்பதால், வியர்த்ததைவிடக் குறைவாகக் குடிப்பவருக்கு ரத்த சோடியம் குறையாது. சற்று ஏறவே செய்யும். ஆகவே அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துவிட்டு உப்பு மாத்திரையால் சரிக்கட்ட முடியாது. தசைப்பிடிப்புக்கு உப்புக் குறைவே காரணம் என்பதும் நிரூபிக்கப்பட்டதில்லை. களைத்த தசை தன்போக்கில் இறுகுவதே பல நேரங்களில் காரணம்.

இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் உப்புக்கு இடமுண்டு. குடித்த நீர் உடலில் தங்கவும் தாகம் நீடிக்கவும் அது உதவுகிறது. ஒரு லிட்டர் எலுமிச்சை நீரில் கால் தேக்கரண்டித் தூளுப்பு, அதாவது சுமார் ஒன்றரை கிராம், போட்டால் ஏறக்குறைய 600 மில்லி கிராம் சோடியம் கிடைக்கும். சக்திக்கு நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரை சேர்க்கலாம். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி லிட்டருக்கு 1,700 மில்லி கிராம் சோடியம் தருவது. வயிற்றுப்போக்குக்காக வகுக்கப்பட்டது, ஓடும்போது பலருக்கு உவர்ப்பாக இருக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓட்டத்துக்குப் பின் ஒரு சிட்டிகை உப்போடு குடிக்கலாம். இரண்டு மணி நேரத்தில் இழந்த 2,700 மில்லி கிராமில் 800 வழியில் ஈடானால் போதும். மீதியை இட்லி சாம்பாரும் உப்பிட்ட நீர்மோரும் காலை உணவிலேயே நிரப்பிவிடும். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ மருந்து சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

புழுக்கத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் வாரத்துக்குள் ரத்த நீரின் அளவு கூடுகிறது. பிறகு வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கி, அதிலுள்ள உப்பும் குறைகிறது. குளிரான ஊரிலிருந்து வந்தவரும் காய்ச்சலிலிருந்து எழுந்தவரும் அந்த இரண்டு வாரம் நீண்ட ஓட்டத்தைத் தொடாமல், நாளுக்கு ஒரு மணி நேரம் மெதுவாக ஓடினால் போதும்.

மயிர்க்கூச்செறிவது, வெயிலில் குளிர்வதுபோலத் தோன்றுவது, நேராக ஓட முடியாமல் தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. கூட ஓடுபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஏமாறக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அவரைக் குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும், தலை நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் குழாய் நீரையும் ஐஸையும் உடல் முழுக்கத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தில் இதற்குள்ள முறை.