லேப்டாப்பின் இணையம் கைப்பேசிக்கு

கைப்பேசியின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுப்பது பலருக்கும் பழகிய வேலை. அதைத் திருப்பி, லேப்டாப்பில் வரும் இணையத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்கும் தேவை சில இடங்களில் எழுகிறது. கல்லூரி விடுதி அறை அதற்கு நல்ல உதாரணம். சுவரில் லேன் இணைப்புக்கான துளை இருக்கும். அறைக்குள் வைஃபை எட்டாது. கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைப்பதே அபூர்வம். லேன் கேபிள் செருகிய லேப்டாப்பில் மட்டும் இணையம் தங்குதடையின்றி வரும். அந்த லேப்டாப்பின் வைஃபை கருவிக்கு அப்போது வேறு வேலை இல்லை. அதைக் கொண்டே அறைக்குள் ஒரு சிறு வைஃபை வலையை உண்டாக்கிவிடலாம்.

இந்த வசதி புதிதல்ல. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே ஒரு கணினியின் இணையத்தை மற்றொன்றுடன் பகிரும் வழி இருந்தது. விண்டோஸ் 7 லேப்டாப்பின் வைஃபை கருவியையே ஒரு ஹாட்ஸ்பாட்டாக மாற்றும் திறனைக் கொண்டுவந்தது. ஆனால் அதைக் கட்டளை வரியில் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டியிருந்தது. 2016 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தலில்தான் அது ஒரே பொத்தானாக அமைப்புகளுக்குள் வந்து சேர்ந்தது.

பொத்தானை அழுத்தியதும் லேப்டாப் ஒரு ரவுட்டராக மாறுகிறது. தன் பெயரில் ஒரு வைஃபை வலையை அறிவிக்கிறது. வந்து சேரும் கைப்பேசிக்கு ஓர் ஐபி முகவரியை ஒதுக்குகிறது. பிறகு கைப்பேசி கேட்பதையெல்லாம் தன் சொந்த முகவரியிலிருந்து கேட்பதுபோல் வெளியே அனுப்பி, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலுக்கு வரும் தபால்களைக் காவலாளி வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பதைப் போன்ற வேலை இது. வெளியே இருக்கும் வலைக்குப் பெரும்பாலும் லேப்டாப் மட்டுமே தெரியும். அதன் பின்னால் ஒரு கைப்பேசி இருப்பது தெரியாது. ஒருவருக்கு ஒரு கருவி என்று விதி வைத்திருக்கும் விடுதிகளும் அலுவலகங்களும் இந்தப் பகிர்வைத் தடை செய்திருப்பது அதனால்தான். தொடங்கும் முன் அந்த விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விடுதி அறையின் உதாரணத்தையே விண்டோஸ் 11-இல் செய்து பார்க்கலாம். லேன் கேபிளைச் செருகி, லேப்டாப்பில் ஒரு இணையதளம் திறக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். வைஃபை அணைந்திருந்தால் இயக்க வேண்டும். எந்த வலையிலும் இணையத் தேவையில்லை, கருவி விழித்திருந்தால் போதும். அமைப்புகளில் Network & internet பகுதிக்குள் Mobile hotspot என்பதைத் திறந்தால், Share my internet connection from என்ற வரி இருக்கும். இணையம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை அது கேட்கிறது, இங்கே Ethernet. அடுத்து Share over என்பதில் Wi-Fi. புளூடூத்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு என்பதால் வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடலாம். பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கடவுச்சொல் குறைந்தது எட்டு எழுத்துகள் இருக்க வேண்டும். பிறகு மேலே உள்ள பொத்தானை இயக்கினால் கைப்பேசியின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயர் தோன்றும். ஒரே நேரத்தில் எட்டுக் கருவிகள் வரை இணையலாம்.

இணைந்த பின் கைப்பேசியில் அந்த வைஃபையின் விவரங்களைத் திறந்து பார்ப்பது பயனுள்ள பழக்கம். ஐபி முகவரி 192.168.137 என்று தொடங்கியிருக்கும், கேட்வே 192.168.137.1 என்றிருக்கும். அந்தக் கடைசி எண் லேப்டாப்பின் முகவரி. பழுது எங்கே இருக்கிறது என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கும். முகவரி சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால், கைப்பேசிக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான வைஃபை இணைப்பில் குறை இல்லை; லேப்டாப்புக்குள்ளோ அதற்கு அப்பாலோ ஏதோ தடை இருக்கிறது. கைப்பேசி முகவரி வாங்குவதிலேயே நெடுநேரம் தவித்துக் கைவிடுகிறது என்றால், முகவரி ஒதுக்கும் சேவை லேப்டாப்பில் இயங்கவில்லை அல்லது ஃபயர்வால் அதை மறிக்கிறது என்று கொள்ளலாம். அந்தச் சேவையின் நிலையைப் பவர்ஷெல்லில் இப்படிப் பார்க்கலாம்:

```
Get-Service SharedAccess
```

ஹாட்ஸ்பாட் இயங்கும்போது Status என்பதன் கீழ் Running என்று வர வேண்டும். Stopped என்று வந்தால், முன்பு எப்போதோ வேறு முறையில் செய்த பகிர்வு பாதியில் நிற்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஒவ்வொரு இணைப்பின் பண்புகளிலும் உள்ள Sharing பக்கத்தில் பழைய குறி விழுந்து கிடந்தால், அது ஹாட்ஸ்பாட்டுடன் மோதும். அதை எடுத்துவிட்டு லேப்டாப்பை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் குழப்பம் வரும். லேப்டாப்பில் தளங்கள் திறக்கும், கைப்பேசியில் திறக்காது. அல்லது கைப்பேசியிலும் திறக்கும், ஆனால் விபிஎன் வழியாகப் போகாது. சோதிப்பதற்கு விபிஎன்-ஐச் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பதே சுருக்கமான வழி.

லேன் கேபிள் இல்லாமல், வைஃபையில் இணையத்தை வாங்கி அதே வைஃபையில் கொடுக்கவும் இன்றைய விண்டோஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றால் முடியும். ஆனால் பொதுவாக இரண்டு வேலையையும் ஒரே ரேடியோ, ஒரே சேனலில் செய்கிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆகவே ஒவ்வொரு தகவல் துண்டும் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒருமுறை, லேப்டாப்பிலிருந்து கைப்பேசிக்கு மறுமுறை என இரண்டு தடவை காற்றில் பயணிக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. இதனால் எப்போதும் நட்டம் என்று சொல்லிவிட முடியாது. வைஃபை நொடிக்கு 200 மெகாபிட் தாங்கக்கூடியதாக இருந்து, வீட்டு இணையத் திட்டம் 40 மெகாபிட் மட்டுமே தருவதாக இருந்தால், பாதியானாலும் 100 மிஞ்சுகிறது. கைப்பேசியில் வித்தியாசமே தெரியாது. வைஃபையே தட்டுத்தடுமாறி 30 மெகாபிட் தரும் மூலையில்தான் இந்தப் பாதியாக்கம் உறைக்கும்.

ஹாட்ஸ்பாட் இயங்குவதாக லேப்டாப் சொல்கிறது, கைப்பேசியின் பட்டியலிலோ பெயரே தெரியவில்லை. இந்தப் புதிருக்கும் அதே ஒற்றைச் சேனல்தான் பெரும்பாலும் காரணம். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்திருந்தால் ஹாட்ஸ்பாட்டும் அங்கேயே போய்விடக்கூடும். 2.4 மட்டுமே அறிந்த பழைய கைப்பேசிக்கு அது கண்ணில் படாது. ஹாட்ஸ்பாட்டின் பண்புகளில் Network band என்பதை 2.4 GHz என்று மாற்றிப் பார்க்க வேண்டும். அது ஏற்கப்படாவிட்டால், லேப்டாப்பையே ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வலையில் இணைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்.

சற்று நேரம் கழித்து ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடுவதைப் பலர் பழுது என்று எண்ணுகிறார்கள். அது பழுதல்ல. எந்தக் கருவியும் இணையாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அதை நிறுத்துகிறது. அதே பக்கத்தில் உள்ள Power saving என்பதை அணைத்தால் நிற்காது. லேப்டாப் உறக்க நிலைக்குப் போனாலும் ஹாட்ஸ்பாட் போய்விடும். மூடியைச் சாத்தினால் உறங்கும்படி அமைந்திருந்தால் அதையும் மாற்றி வைக்க வேண்டும்.

செலவும் ஒன்று உண்டு. வைஃபை என்றாலே வரம்பில்லாத இணையம் என்று கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. லேப்டாப்புக்கு வருவது அளவுக்கு உட்பட்ட டேட்டா என்றால், படங்களின் காப்புப்பிரதியும் செயலிகளின் மேம்படுத்தலும் சத்தமில்லாமல் அதைத் தின்றுவிடும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையை Metered என்று குறித்தும், ஐபோனில் Low Data Mode-ஐ இயக்கியும் இதைக் கட்டுப்படுத்தலாம்.

ஆப்பிள் மேக்கில் இந்த வசதிக்கு Internet Sharing என்று பெயர். கேபிளில் வரும் இணையத்தை அது வைஃபையில் கொடுக்கும். வைஃபையில் வாங்கி அதே வைஃபையில் கொடுக்க அந்த அமைப்பில் இடமில்லை. ஆனால் விண்டோஸில் இல்லாத ஒன்று அதில் உண்டு: iPhone USB என்பதைத் தேர்ந்தால், சார்ஜ் செய்யும் கேபிள் வழியாகவே ஐபோனுக்கு இணையத்தை அனுப்பலாம்.

ஆண்ட்ராய்டுக்குக் கேபிள் வழி சற்றுச் சுற்றுவழி. அமைப்புகளில் USB tethering என்று ஒன்றைக் கண்டதும் அதுதான் என்று இயக்குபவர்கள் உண்டு. அது எதிர்த்திசையில் வேலை செய்வது. கைப்பேசியின் டேட்டா லேப்டாப்புக்குப் போகும். பேக் தீர்ந்த பிறகுதான் அது தெரியவரும்.

கேபிளில் தர நேர்த்தியான வழி, கைப்பேசியின் டைப்-சி துளையில் செருகும் ஒரு லேன் அடாப்டர். லேப்டாப் வைஃபையில் இணைந்திருக்கட்டும். அதன் லேன் துளையையும் அடாப்டரையும் ஒரு சாதாரண லேன் கேபிளால் இணைக்க வேண்டும். லேப்டாப்பில் ncpa.cpl என்று இயக்கி, Wi-Fi இணைப்பின் பண்புகளில் Sharing பக்கத்தில் முதல் குறியைப் போட்டு, பகிரும் இணைப்பாக Ethernet-ஐத் தேர்ந்தால் போதும். கைப்பேசிக்கு அதே 192.168.137 வரிசையில் முகவரி வந்துவிடும். இந்த வழியில் வேகம் பாதியாவதில்லை. ஹாட்ஸ்பாட் இயங்காத லேப்டாப்பிலும் இது நடக்கும். அடாப்டரை ஆண்ட்ராய்டு ஏற்கவில்லை என்றால் கைப்பேசியில் எந்த மாற்றமும் தெரியாது. வாங்கும்போதே கைப்பேசியில் செருகிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

அடாப்டரும் இல்லை, யூஎஸ்பி கேபிள் மட்டும்தான் இருக்கிறது என்றால் gnirehtet என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெனிமொபைல் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இதற்குக் கைப்பேசியை ரூட் செய்யத் தேவையில்லை. கைப்பேசியில் ஒரு பொய்யான விபிஎன்-ஐ அமைத்து, எல்லாப் போக்குவரத்தையும் கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் திருப்புவதே இதன் உத்தி. adb கருவியை நிறுவி, கைப்பேசியில் USB debugging-ஐ இயக்கிய பின் லேப்டாப்பில் தட்ட வேண்டியது இவ்வளவுதான்:

```
gnirehtet run
```

விபிஎன் அனுமதி கேட்டு ஒரு பெட்டி கைப்பேசியில் வரும். ஒப்புக்கொண்டதும் மேலே சாவி அடையாளம் தெரியும். ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்-ஐத்தான் அனுமதிக்கும் என்பதால் வேறு விபிஎன் செயலியை இதனுடன் சேர்த்து ஓட்ட முடியாது. பிங் கட்டளையும் இதில் வேலை செய்யாது. அதை வைத்து இணையம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. USB debugging திறந்திருக்கும் கைப்பேசியை, ஒருமுறை அனுமதி பெற்ற கணினி கேபிள் வழியாக ஆழமாகக் கையாள முடியும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.