சொம்புத் தண்ணீரும் வங்கித் தாளும்

கடல் தாண்டும் சரக்கு – 11

கூமாப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். சத்திரப்பட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த காஜ் துணியில் உள்ளங்கை அளவு வெட்டி, மடித்து, தண்ணீர் மேல் மெதுவாக விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்து அடியில் போய் உட்கார்ந்தது.

"பத்து நொடிக்குள்ள மூழ்கணும் தம்பி. மிதந்துக்கிட்டே இருந்தா சலவை சரியில்ல, எண்ணெய்ப் பசை போகலன்னு அர்த்தம். அந்தத் துணி புண்ணுல ரத்தத்தை உறிஞ்சாது."

எதிரே இருந்தவர் மலேசியாவில் கிள்ளான் பக்கம் கிளினிக்குகளுக்கு மருந்துச் சாமான்கள் கொடுப்பவர். தாத்தாவுக்கு வத்திராயிருப்புப் பக்கம். இந்தியாவிலிருந்து முதன்முறையாகத் துணி வாங்க வந்திருந்தார். சரக்கு அவருக்குப் பிடித்துவிட்டது. இருபதாயிரம் டாலர் ஆர்டர். ஆனால் பணத்தை எப்படிக் கொடுப்பது என்ற இடத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, விக்கிறவங்க 30 சதவீதம் அட்வான்ஸ் கேக்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு. பேங்க்ல எல்சி போட்டுட்டா துணி நல்லா வருமில்ல?"

ராஜபாளையத்தில் ஏற்றுமதித் தாள்களோடு பல வருடம் புழங்கியவன் நான். இந்தக் கேள்வியைப் புதிதாக வாங்க வரும் அநேகம் பேரிடமிருந்து கேட்டிருக்கிறேன். அதில் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அதை அவிழ்க்கத்தான் இந்த வாரம்.

முதலில் முழு அட்வான்ஸ். இருபதாயிரத்தையும் முன்னாலேயே அனுப்பிவிட்டால், தறியில் பாவு ஏற்றுவது முதல் தூத்துக்குடியில் கப்பல் ஏறும் வரை எல்லா ஆபத்தும் வாங்குபவர் தலையில்தான். சாம்பிளுக்கும் சில நூறு டாலர் சரக்குக்கும் அது சரி. முதல் பெரிய ஆர்டருக்குச் சரியில்லை.

அடுத்தது, 30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு ஏறிய பிறகு. இந்த 30 எங்கிருந்து வந்தது? ஊர் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தம்பிக்கு அதைத் துண்டுத் தாளில் போட்டுக் காட்டினேன்.

அவருடைய பெயரும் முத்திரையும் அச்சிட்ட பெட்டிகளில் சரக்கு கிள்ளான் துறைமுகம் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் விற்றவருக்கு என்ன நஷ்டம்? போன கப்பல் வாடகை, திரும்பி வரும் வாடகை, துறைமுகத்தில் கிடந்த நாளுக்கான டெமரேஜ் எல்லாம் சேர்த்து உத்தேசமாக 2,500 டாலர். பெட்டியை மாற்றி, விலையைக் குறைத்து வேறு ஒருவருக்குத் தள்ளினால் இன்னொரு 3,500. மொத்தம் 6,000. இருபதாயிரத்தில் அது சரியாக 30 சதவீதம். நீங்கள் கைவிட்டால் விற்றவருக்கு வரும் நஷ்டம் எவ்வளவோ, அதுதான் நியாயமான முன்பணம். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேட்கலாம். அதற்குக் கீழே கேட்டால், உங்கள் ஆபத்தை அவர் சுமக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

மீதி 14,000 எப்போது? சரக்கு கப்பல் ஏறியதும் கப்பல் கம்பெனி 'பில் ஆஃப் லேடிங்' கொடுக்கும். வழக்கமாக மூன்று அசல். அசல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தப் பக்கம் சரக்கைக் கொடுப்பார்கள். விற்றவர் அதன் நகலை மட்டும் உங்களுக்கு மெயிலில் அனுப்புவார். அதிலுள்ள கண்டெய்னர் எண்ணைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, சரக்கு உண்மையாகவே ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு மீதியை அனுப்பலாம். பணம் வந்ததும் அவர் அசலைத் தூத்துக்குடியிலேயே கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவார். அவர்கள் கிள்ளானில் உள்ள தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிச் சரக்கை விடுவிப்பார்கள். டெலக்ஸ் ரிலீஸ் என்பது இதுதான். கிள்ளான் கிட்டத்துத் துறைமுகம். அசல் கூரியரில் வந்து சேருமுன் கப்பல் வந்துவிடக் கூடும் என்பதால் இது நல்ல வழி.

இனி எல்சி. வாங்குபவரின் வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் வாக்கு அது: "இன்னின்ன தாள்களை இந்தத் தேதிக்குள் கொடு, பணம் தருகிறேன்." உலகம் முழுக்க வங்கிகள் இதற்கு யூ.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பைப் பின்பற்றுகின்றன. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் ஐந்தாவது பிரிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வங்கி கையாள்வது தாள்களை, சரக்கை அல்ல.

தம்பியிடம் சொம்பைக் காட்டினேன். "பேங்க்ல இந்தச் சொம்பு கிடையாது தம்பி. துணி மூழ்குதா மிதக்குதான்னு அவங்க பாக்க மாட்டாங்க. இன்வாய்ஸ் சரியா, பில் ஆஃப் லேடிங் சரியா, தேதி சரியா, அவ்வளவுதான். தாள் சுத்தமா இருந்தா மிதக்குற துணிக்கும் பணம் போயிரும்."

அவர் முகம் மாறியது. "அப்ப எல்சி எதுக்கு?"

சரக்கு ஏறியதற்கான தாள் இல்லாமல் பணம் போகாது. அதற்கு எல்சி நல்ல காவல். தரத்துக்கும் அது காவலாக வேண்டுமென்றால் சொம்புச் சோதனையைத் தாளாக மாற்ற வேண்டும். எல்சி வாசகத்தில் 46A என்ற எண்ணுக்கு எதிரே, விற்பவர் கொடுக்க வேண்டிய தாள்களின் பட்டியல் இருக்கும். அங்கே 'பரிசோதனைச் சான்றிதழ்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அது போதாது. யார் கொடுக்க வேண்டும், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதாவிட்டால், சான்றிதழ் மாதிரி தோன்றும் எந்தத் தாளையும் வங்கி ஏற்றுக்கொள்ளும். விற்பவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லும். ஆகவே சோதனை நிறுவனத்தின் பெயர், லாட் எண், பத்து நொடிக்குள் மூழ்கியது என்ற வாசகம், கப்பல் ஏறும் தேதிக்கு முந்திய தேதி, இந்த நான்கும் அங்கே எழுத்தில் இருக்க வேண்டும்.

அதே சமயம் பட்டியலை ஏகத்துக்கு நீட்டவும் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் காத்திருப்பதில் நாள் ஓடும்; 44C எண்ணில் கடைசிக் கப்பல் தேதி இருக்கும். சரக்கு அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் வங்கி தாளைக் குறையுள்ளது என்று சொல்லி நிறுத்திவிடும். பிறகு வாங்குபவர் சம்மதம் கொடுக்கும் வரை தாள் வங்கியிலும், சரக்கு துறைமுகத்தில் டெமரேஜிலும் கிடக்கும். தாளைப் பார்க்க ஒவ்வொரு வங்கிக்கும் ஐந்து வேலை நாள் வரை உண்டு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவும் பார்க்க வேண்டும். திறக்கும் கட்டணம், திருத்தக் கட்டணம், குறை கண்டால் அதற்கொரு கட்டணம். புது வாடிக்கையாளர் என்றால் முழுத் தொகையையும் பிணையாக வைக்கச் சொல்லும் வங்கிகள் உண்டு. அப்படி வைத்தால் தம்பியின் இருபதாயிரமும் முதல் நாளே முடங்கிவிடும். 30 சதவீத வழியில் முடங்குவது ஆறாயிரம்தான்.

கடைசியில் தம்பி 30 சதவீதத்துக்கே ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டோம்: சரக்கைப் பெட்டியில் அடைக்குமுன் அவர் சொல்லும் சோதனை நிறுவனம் வந்து பார்க்கும், அந்த அறிக்கையும் பில் ஆஃப் லேடிங் நகலும் சேர்ந்து வந்தால்தான் மீதி 14,000. வங்கி செய்யாத வேலையை, வங்கிச் செலவில்லாமலே ஒப்பந்தத்தில் ஏற்றியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். பணம் அனுப்பும் நாளில் "கணக்கு எண் மாறிவிட்டது" என்று ஒரு மெயில் வந்தால் அனுப்பாதே. விற்பவரின் பழைய எண்ணுக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டு உறுதி செய். மெயிலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றும் திருடனை முன்பணமும் தடுக்காது, மீதிப் பணமும் தடுக்காது.

புறப்படும்போது தம்பி சொம்பைக் கவிழ்த்து, நனைந்த துணியைப் பிழிந்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சோதனைக்கு வர்றவர்கிட்ட இதைக் காட்டி, இதே மாதிரி மூழ்கணும்னு சொல்லுவேன் அண்ணாச்சி" என்றார்.

(அடுத்த வாரம்: அதே இருபதாயிரம் டாலரில் கப்பல் வாடகை யாருடையது? எப்.ஓ.பி.யும் சி.ஐ.எப்.பும்)