மல்லிகைப்பூ வெள்ளையாக இருக்கிறதா?

கல்யாண வீட்டுக்கு இரண்டு போட்டோகிராபர்களிடமிருந்து மாதிரிப் படங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருடையவை மாலை வெயிலில் தோப்பில் எடுத்தவை. இரண்டாமவருடையவை மண்டபத்துக்குள் முகூர்த்த நேரத்தில் எடுத்தவை. பார்த்தவுடன் முதலாமவர் பக்கம்தான் மனம் சாயும். ஆனால் மாலை வெயில் யார் எடுத்தாலும் முகத்துக்கு அழகு சேர்க்கும். மண்டபத்தில் மேடையின் மஞ்சள் விளக்கும், கூரையின் எல்.இ.டி.யும், வீடியோக்காரரின் லைட்டும் ஒரே முகத்தில் விழுகின்றன. திறமை தெரிவது அங்கேதான். அதனால் முதலாமவரிடமும் முகூர்த்தப் படங்களைக் கேளுங்கள். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது முகத்தை விட்டுவிட்டு, மணப்பெண்ணின் தலையில் உள்ள மல்லிகையைப் பாருங்கள். பட்டு வேட்டி சந்தன நிறத்திலும் இருக்கும், மல்லிகை வெள்ளைதான். அது ஆரஞ்சாகவோ நீலமாகவோ தெரிந்தால், தோலின் நிறமும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்து மாப்பிள்ளையின் முகத்தையும் காதையும் கையையும் ஒப்பிடுங்கள். மேக்கப் குறைவாக இருப்பதால் அவரை வைத்துக் கணிப்பது எளிது. கை மாநிறமாகவும் முகம் மட்டும் வெளுத்தும் இருந்தால், அது எடிட்டிங்கில் செய்த வேலை. படம் முழுவதையும் வெளிச்சமாக்கியிருந்தால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும். ஆரத்தின் வேலைப்பாடு மறைந்து வெறும் மஞ்சளாகத் தெரியும். நம் நிறத்தை அழித்துத் தரும் படத்தை அழகு என்று நான் ஏற்கமாட்டேன்.

துல்லியத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் பார்க்க முடியாது. அனுப்பும்போதே அது சுருங்கிவிடும். அசல் ஃபைலை வாங்கி, கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். இமை முடிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பின்னணியை மங்கலாக்க லென்ஸை அகலத் திறந்து எடுக்கும்போது, மணப்பெண்ணின் கண் தெளிவாகவும் ஓரடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கலாகவும் வருவதுண்டு. ஜோடிப் படத்தில் இது பெரிய குறை. இமை கூர்மையாக இருந்தும் கன்னம் பொம்மைபோல வழவழவென்றிருந்தால், தோலின் நுண்துளைகளைத் துடைத்துவிட்டார்கள். முக ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடினால், கூர்மையை எடிட்டிங்கில் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள்.

போஸைக் கணிக்கக் கைகளைப் பாருங்கள். வழிகாட்டல் இல்லாதபோது விரல்கள் இறுகும், தோள் விறைக்கும், மாலை தாடை வரை ஏறி நிற்கும். நல்லவர் மாலையைச் சற்று இறக்கி, ஜோடியை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தியிருப்பார். எல்லா ஜோடிகளுக்கும் ஒரே போஸா என்பதும் கவனிக்க வேண்டியது.

முதலாமவரின் மண்டபப் படங்களில் மல்லிகை ஆரஞ்சாக இருந்தால், தோப்புப் படங்கள் எவ்வளவு அழகானாலும் முகூர்த்தத்துக்கு இரண்டாமவரே சரி. ஆனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த மாதிரிகளை எடுத்தவரே அன்றைக்கு வருவாரா, உதவியாளரை அனுப்புவாரா? உதவியாளர்தான் என்றால் அவர் எடுத்த படங்களை வாங்கி, இதே சோதனையைச் செய்யுங்கள்.