கூச்சக்காரன் கத்த வேண்டிய இடம்

யாரோடும் பேசாத ஒரு பையன் குழுவோடு சாகசச் சுற்றுலா போகிறான், தைரியசாலியாகத் திரும்புகிறான். இந்தக் கருவை வைத்துச் சிறுகதை எழுதுகிற பலர் அவனை மலை உச்சியில் நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள். உச்சிக்குப் போகக் கால் போதும். கூச்சக்காரனுக்குச் சிக்கல் வாயில் அல்லவா?

நானாக இருந்தால் கதையை இமாச்சலப் பிரதேசத்தில், பார்வதி ஆற்றங்கரையில் உள்ள கசோலில் தொடங்குவேன். சுமார் 13,800 அடி உயர சார் பாஸுக்குப் போகும் மலையேற்றக் குழுக்கள் முதலில் அங்கே தங்கி, உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொள்கின்றன. பாறை ஏறவும் கயிற்றில் இறங்கவும் பயிற்சியும் உண்டு.

நம் பையன் ப்ளஸ் ஒன். இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, பாறை விளிம்பில் முதுகு காட்டி நிற்கிறான். பயத்தில் பாறையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான், உடனே ஷூ வழுக்குகிறது. "பின்னாடி சாய், தம்பி. கயிற்றில் உட்கார்" என்கிறார் பயிற்சியாளர். உடம்பு பின்னால் சாய்ந்து, கால்கள் அகல நின்றால்தான் பாதம் பாறையில் அழுந்தும், பிடிமானமும் கிடைக்கும். பயப்படுகிறவன் இயல்பாகச் செய்வதற்கு நேர் எதிரானது இது. பையன் சாய்கிறான், இறங்குகிறான். கீழே வந்ததும் எல்லாரும் கைதட்ட, கூச்சம் இன்னும் கூடிவிடுகிறது!

திருப்பம் அடுத்த நாள். பாறைச் சரிவில் வரிசையாக ஏறும்போது அவன் காலடியிலிருந்து ஒரு கல் பெயர்ந்து உருள்கிறது. மலையில் இதற்கு ஒரே விதிதான்: பார்த்தவர் அடிவயிற்றிலிருந்து "ராக்!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டதும் கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்வார்கள். நாம் கத்தினால் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்க அங்கே நேரமில்லை. கத்துகிறான். கல் யார்மீதும் படாமல் போகிறது. பின்னால் வந்த அக்கா, "நல்ல குரல்டா உனக்கு!" என்கிறார். அவ்வளவுதான், பாராட்டு விழா வேண்டாம்.

அன்று இரவு முகாமில் ஆளுக்கொரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். அவன் பாடக் கூடாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதிய கட்டுரையின்படி, 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம், அந்தக் காரியத்தைத் தானே செய்து பார்த்த அனுபவம். ஒன்றில் வந்த தெம்பு, அதைப் போன்ற மற்றவற்றுக்குப் பரவலாம். எல்லாவற்றுக்கும் பரவும் என்று உறுதியில்லை. எனவே மறுநாள் காலை, முன்னால் நடக்கிறவர் வேகமாகப் போனால், "அண்ணா, மெதுவா!" என்று அவன் குரல் கொடுக்கலாம். ஊர் திரும்பிப் பள்ளி மேடையில் பேச்சுப்போட்டிப் பரிசு வாங்கினான் என்று எழுதினால் நான் நம்பமாட்டேன்.