வட்ட அரிப்பு: படர்தாமரையா, எக்ஸிமாவா?

வட்டமாக அரிப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. படத்தில் முதலில் ஓரத்தைப் பாருங்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது. அது வெளிப்புறமாகப் பரவ, நடுப்பகுதி மெல்ல ஆறிவரும். அதனால் ஓரம் மட்டும் மேடாக, செதிலோடு மோதிரம்போல் தெரியும். நாணய வடிவ எக்ஸிமாவில் வட்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நீர் கசிந்து பொருக்குத் தட்டும். இரு கால்களிலும் பல வட்டங்கள் வருவதுண்டு. நம் மாநிறத் தோலில் சிவப்பு பழுப்பாகத் தெரியும் என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம்.

யோங் பெங்கில் இருக்கும் என் அத்தை காலில் இருந்த வட்டத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓரமே தெளிவாக இல்லை. பார்த்தால் எக்ஸிமா மாதிரி இருந்தது.

"ஏதாவது பூசினீங்களா அத்தை?"

"வீட்டில் இருந்த ஸ்டீராய்டு கிரீமை இரண்டு வாரமா பூசுறேன். அரிப்பு குறையுது, நிறுத்தினா முன்னைவிடப் பெரிசா வருது."

அந்தப் பதில்தான் துப்பு. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கி ஓரத்தை மங்கச் செய்யும். பூஞ்சையோ தடையின்றிப் பரவும். 1968-இல் ஐவ், மார்க்ஸ் என்ற மருத்துவர்கள் இந்த மாறுவேடத்தை 'டினியா இன்காக்னிட்டோ' என்று விவரித்தார்கள்.

இந்த நிலையில் படம் போதாது. கிளினிக்கில் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பூஞ்சை இழைகள் தெரிந்தன.

படம் அனுப்புவோர் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் ஒன்று, இரு கால்களும் தெரிய ஒன்று எடுங்கள். பூசிய கிரீமின் டியூபையும் படமெடுத்து அனுப்புங்கள்.