தூரத்துச் சுவர் ஏன் மினுக்குகிறது?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் சுற்றிப் பார்க்கிறோம். முகப்புச் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் கல் பலகை பதித்திருக்கிறார்கள். அருகில் நின்றால் பலகை மட்டுமே தெரிகிறது. கேமராவை நூறு மீட்டர் பின்னால் கொண்டுபோனால் பலகைக்குள் சுவரின் நிறம் கீற்றுக்கீற்றாக எட்டிப்பார்க்கிறது. கேமரா அசைய அசைய அந்தக் கீற்றுகளும் இடம் மாறி மினுக்குகின்றன. இதற்கு இசட் ஃபைட்டிங் என்று பெயர்.

எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானிக்க, திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் ஆழ எண்ணைக் கணினி குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பேடுதான் டெப்த் பஃபர். வழக்கமான 24 பிட் பஃபரில் சுமார் 1 கோடியே 67 லட்சம் ஆழப் படிகள் உண்டு. ஒரு கட்டடத்துக்கு இது தாராளமாகவே தோன்றும். ஆனால் அந்தப் படிகள் சம இடைவெளியில் இல்லை. பதிவாகும் ஆழம் தூரத்தின் தலைகீழைப் பின்பற்றுவதால், கண்முன்னே நெருக்கமாகக் குவிந்து, தூரத்தில் அகன்றுபோகின்றன.

எங்கிருந்து குவிகின்றன என்பதை முடிவுசெய்வது நியர் பிளேன். கேமரா எந்தத் தூரத்திலிருந்து பார்க்கத் தொடங்கும் என்ற எல்லை அது. சின்ன அறைக்குள் நுழையும்போது சுவர் அறுபட்டுத் தெரியக்கூடாதென்று பலரும் அதை 1 சென்டிமீட்டராக வைத்துவிடுகிறார்கள். அப்போது மொத்தப் படிகளில் பாதி முதல் 2 சென்டிமீட்டருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. ஒரு மீட்டரைத் தாண்டுவதற்குள் 99 சதவீதம் போய்விடும். நூறு மீட்டரில் ஒரு படியின் அகலம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். சுவரும் பலகையும் ஒரே படியில் விழுந்தால் எது முன்னால் என்பதை எண் சொல்லாது. கணக்கில் நேரும் நுண்ணிய முழுமையாக்கல்தான் பிக்சலுக்குப் பிக்சல் வெற்றியாளரை மாற்றுகிறது.

நியர் பிளேனை 10 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் அதே படி 6 மில்லிமீட்டராகச் சுருங்கி, பலகை பிழைத்துக்கொள்ளும். ஃபார் பிளேனை ஆயிரம் மீட்டரிலிருந்து ஐந்நூறாகக் குறைப்பதால் பலன் ஏதும் இராது. பலரும் முதலில் கைவைப்பது அதில்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அறைக்குள் போகும் கேமராவுக்கு ஓர் எல்லை, வெளியிலிருந்து பார்க்கும் கேமராவுக்கு வேறோர் எல்லை என்று பிரித்துவைப்பதே என் பார்வையில் நல்ல வழி.

அருகில் போன பிறகும் மினுக்கம் நிற்கவில்லை என்றால் காரணம் வேறு. இரண்டு பரப்புகளும் துல்லியமாக ஒரே தளத்தில் கிடக்கின்றன. தரையின் மேல் இடைவெளியே விடாமல் விரித்த கம்பளத்தைப்போல. அங்கே எந்த நியர் பிளேனும் உதவாது. அடியில் மறைந்த பரப்பை அழிக்க வேண்டும், அல்லது மேலுள்ளதைச் சற்றே உயர்த்த வேண்டும்.